ஓஃப் சீசன் வீடு: மலிவான மாதங்களுக்கு யார் விலை கொடுத்தது?

அறுகம்பேயில் மே தொடங்கி ஒக்டோபர் வரைக்கும் சீசன். அதே அறை, அதே கட்டில், அதே ஃபேன். நவம்பரில் போய்க் கேட்டால் விலை வேறு. தெற்கில் ஹிக்கடுவ, வெலிகம, மிரிஸ்ஸ பக்கம் இந்தக் கதை தலைகீழ். அங்கே நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். நுவரெலியாவுக்கு ஏப்ரல் மாதம்தான் பெரிய சீசன். ஒரு சின்னத் தீவுக்குள்ளேயே வாடகை மழையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது.

சீசன் விலையைப் பற்றி எல்லாரும் கதைப்பார்கள். ஆனால் மற்ற மாதங்களில் அந்த அறைகளில் யார் இருக்கிறார்கள், என்ன ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், சீசன் தொடங்கும்போது அவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கேள்வியைச் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே எழுதிவைத்த ஒரு நாடு இருக்கிறது. அது இங்கிலாந்து. அங்கே இதற்கு "வின்டர் லெட்" என்று பெயர், அதாவது குளிர்கால வாடகை. அதன் கதையைப் பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகும்: ஓஃப் சீசனில் வாடகை மட்டும் இறங்குவதில்லை. அதோடு சேர்ந்து இன்னொன்றும் இறங்குகிறது.

கடற்கரைக்குப் போன தொழிலாளர்கள்

இங்கிலாந்தில் பணக்காரர்கள் 18 ஆம் நூற்றாண்டிலேயே பாத், ஸ்கார்பரோ, பிரைட்டன் போன்ற ஊர்களுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினார்கள். 19 ஆம் நூற்றாண்டில் ரயில் வந்த பிறகு தொழிலாளர்களும் கடற்கரைக்கு வரத் தொடங்கினார்கள். லங்காஷயர் பருத்தி ஆலை நகரங்களில் கோடையில் ஆலையை ஒரு வாரம் மூடுவார்கள். ஊரே கிளம்பி பிளாக்பூலுக்குப் போகும். 1938 இல் சம்பளத்தோடு விடுமுறை என்பதற்கு ஒரு சட்டம் வந்தபிறகு இந்தக் கூட்டம் இன்னும் பெருகியது.

இவ்வளவு பேரையும் தங்கவைத்தது பெரிய ஹோட்டல்கள் அல்ல. வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளை வைத்திருந்த பெண்கள்தான். "லாண்ட்லேடி" என்று ஆங்கில நகைச்சுவைகளில் வருகிற ஆள் இவர்தான். சீசனில் தன் நல்ல அறைகள் எல்லாவற்றையும் விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டு, குடும்பத்தோடு பின்பக்கக் குசினியில் படுப்பார். பன்னிரண்டு மாதச் செலவைக் கோடையின் சில மாதங்களில் உழைக்க வேண்டும். பிளாக்பூல் நகரம் 1912 இல் கடற்கரையில் மின்விளக்கு அலங்காரம் தொடங்கியது. அது வருடாவருட நிகழ்வாக வளர்ந்ததற்குக் காரணம் கோடை முடிந்த பிறகும் சில வாரங்களுக்குச் சீசனை இழுத்துப் பிடிப்பதுதான்.

அதற்குப் பிறகும் குளிர்காலம் வரும். வெறும் வீடு சும்மா இருக்காது. கடற்காற்றில் சுவரில் ஈரம் ஏறும், பூஞ்சணம் பிடிக்கும். உறைபனியில் தண்ணீர்க் குழாய் வெடிக்கும். ஆள் இல்லாமல் நாள்கணக்கில் கிடக்கிற வீட்டுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் முழுப் பாதுகாப்புக் கொடுக்கத் தயங்கும். ஆகவே குளிர்காலத்தில் யாராவது வந்து இருந்து, அடுப்பு எரித்து, ஹீட்டர் போட்டு, கொஞ்சக் காசும் தந்தால் உரிமையாளருக்கு இரட்டை லாபம். குறைந்த வாடகை இரக்கத்தால் வந்தது அல்ல. வாடகைக்கு இருப்பவர் பாதி குடியிருப்பாளர், பாதி காவலாளி.

சட்டம் கடற்கரைக்கு வந்த நாள்

முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் குவிந்தபோது வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். 1915 இல் கிளாஸ்கோ நகரில் பெண்கள் முன்னின்று நடத்திய வாடகை மறுப்புப் போராட்டம் அரசாங்கத்தை அசைத்தது. மேரி பார்பர் என்ற பெண் அதில் முக்கியமானவர். அந்த வருடமே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வாடகையை நினைத்தபடி ஏற்ற முடியாது, காரணம் இல்லாமல் ஆளை வெளியேற்ற முடியாது என்ற இரண்டு எண்ணங்களும் அன்றிலிருந்து பிரித்தானியச் சட்டத்தில் நிலைத்தன. இடையில் சில காலம் தளர்ந்தன, பிறகு 1965 இல் திரும்ப இறுகின.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தளபாடத்தோடு வாடகைக்கு விடுகிற வீடுகளுக்கு இந்த முழுப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. கட்டில், மேசை, அலுமாரி போட்டு விட்டால் சட்டத்தின் பிடி தளர்ந்துவிடும். கடற்கரை ஊர்களில் உள்ள விடுமுறை வீடுகள் எல்லாமே தளபாடத்தோடுதான் இருந்தன. ஆகவே அந்த உரிமையாளர்களுக்குக் கவலை இல்லை. ஒக்டோபரில் ஒரு குடும்பத்தை ஏற்றி ஏப்ரலில் இறக்கலாம்.

1974 இல் தொழிற்கட்சி அரசாங்கம் இந்த ஓட்டையை அடைத்தது. அந்த ஓகஸ்டில் இருந்து, உரிமையாளர் அதே கட்டடத்தில் வசிக்காவிட்டால், தளபாட வீட்டில் இருப்பவருக்கும் முழுப் பாதுகாப்பு என்று ஆனது. லண்டனில் ஒரு அறைக்குள் இருந்த இளம் தொழிலாளிக்கு இது பெரிய வெற்றி. ஆனால் கடற்கரை உரிமையாளருக்கு வந்த பயத்தையும் யோசித்துப் பாருங்கள். குளிர்காலத்துக்கு ஒருவரை ஏற்றினால், ஏப்ரலில் அவர் "நான் போகமாட்டேன்" என்று சொல்லலாம். சட்டம் அவர் பக்கம் நிற்கும். அப்படியென்றால் ஏன் ஏற்றுவது? பூட்டிவைப்பது நல்லது அல்லவா?

அந்தப் பயத்துக்குப் பதிலாகச் சட்டத்துக்குள்ளேயே இரண்டு கதவுகள் வைத்தார்கள். முதல் கதவு: விடுமுறைக்காகவே தங்குகிறவருக்குப் பாதுகாப்பு இல்லை. இரண்டு வாரம் கடலுக்கு வந்தவர் வீட்டுக்கு உரிமை கோர முடியாது. இது நியாயம். இரண்டாவது கதவுதான் எங்கட விசயம்: விடுமுறை வீட்டில் ஓஃப் சீசனுக்கு மட்டும் இருக்கிறவரை, காலம் முடிந்ததும் நீதிமன்றம் கட்டாயம் வெளியேற்ற உத்தரவிட வேண்டும்.

எட்டு மாதக் கதவு

1977 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 13 ஆவது காரணமாக எழுதப்பட்டிருந்தது. 1988 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தில் அது 3 ஆவது காரணமாக மாறியது. இலக்கம் மாறினாலும் உள்ளடக்கம் ஏறக்குறைய அதேதான். உரிமையாளர் இந்தக் கதவைப் பாவிக்க மூன்று விசயங்களைக் காட்ட வேண்டும்.

ஒன்று, ஒப்பந்தம் முன்கூட்டியே தீர்மானித்த காலத்துக்கு இருக்க வேண்டும், அது எட்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. இரண்டு, அந்த ஒப்பந்தம் தொடங்குவதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குள் அதே வீட்டில் யாராவது உண்மையாகவே விடுமுறைக்குத் தங்கியிருக்க வேண்டும். மூன்று, "இந்தக் காரணத்தின் கீழ் நான் வீட்டைத் திரும்ப எடுப்பேன்" என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். ஆள் குடிவந்த பிறகு அல்ல. ஒப்பந்தம் தொடங்க முன்னரோ தொடங்கும் அன்றோ சொல்லியிருக்க வேண்டும்.

இந்த மூன்றும் ஏன் இப்படி இருக்கின்றன என்று யோசித்தால் சட்டம் எழுதியவர்களின் மனம் விளங்கும். எட்டு மாதம் என்ற எல்லை சீசனுக்கு நாலு மாதத்தையாவது மிச்சம் வைக்கிறது. பன்னிரண்டு மாத நிபந்தனை, சாதாரண வீட்டை வைத்துக்கொண்டு "இதுவும் விடுமுறை வீடுதான்" என்று சொல்வதைத் தடுக்கிறது. எழுத்து அறிவித்தல், உள்ளே வருகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு வருகிறார் என்பதை உறுதிப்படுத்துகிறது. மூன்றும் இருந்தால் நீதிபதிக்கு வேறு வழி இல்லை. குடியிருப்பவருக்குக் கைக்குழந்தை இருக்கிறதா, போக இடம் இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது.

இதில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு விசயம் உண்டு. 1977 சட்டத்தின் கீழ் குளிர்கால வாடகைக்காரர் வெளியேற்றத்துக்கு எதிரான பாதுகாப்பைத்தான் இழந்தார். நியாய வாடகை நிர்ணயிக்கும்படி அதிகாரியிடம் விண்ணப்பிக்கிற உரிமை அவருக்கு இருந்தது. காகிதத்தில் இது நல்ல உரிமை. ஆனால் மார்ச்சில் போக வேண்டியவர், அடுத்த ஒக்டோபரில் அதே வீட்டுக்கு வர ஆசைப்படுகிறவர், உரிமையாளருக்கு எதிராக விண்ணப்பம் போடுவாரா? வெளியேற்றத் திகதி ஒன்று தலைக்கு மேலே தொங்கும்போது மற்ற உரிமைகளும் மெதுவாக வாயை மூடிக்கொள்ளும்.

ஒரு வீட்டின் கணக்கு

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கோர்ன்வால் இருக்கிறது. அங்கே செயின்ற் ஐவ்ஸ் என்ற பழைய மீன்பிடி ஊர், இப்போது சுற்றுலாவால் நிறைந்த ஊர். 2010 களில் அங்கே இரண்டு அறை வீடு ஒன்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். தொகைகள் கணக்குக்காக நான் போட்டவை.

கோடையில் வாரத்துக்கு 1,000 பவுண். வருடத்தில் 20 வாரம் ஆள் வந்தால் 20,000. நவம்பர் 1 தொடங்கி மார்ச் 31 வரை குளிர்கால வாடகைக்கு மாதம் 800 என்று விட்டால் இன்னும் 4,000. மொத்தம் 24,000 பவுண். அதே வீட்டை வருடம் முழுக்க ஒரு குடும்பத்துக்கு மாதம் 1,000 க்கு விட்டால் 12,000 தான். துப்புரவு, முகவர் கட்டணம், விளம்பரம் எல்லாம் கழித்தாலும் சீசன் வழி முன்னுக்கு நிற்கும். ஆகவே மலிவாகத் தெரிகிற அந்த 800 பவுண் வாடகை, உரிமையாளருக்கு இழப்பு இல்லை. சீசன் வருமானத்தின் மேலே வைத்த மேலதிகம்.

ஏன் நவம்பர் முதல் மார்ச் வரை? குளிர் மட்டும் காரணம் இல்லை, வரிச் சட்டமும் காரணம். தளபாட விடுமுறை வீடுகளுக்கு என்று அங்கே 1980 களிலிருந்து ஒரு தனி வரி முறை இருந்தது. அதன்படி வந்தால் உரிமையாளருக்குச் சலுகைகள் கிடைக்கும். அதற்கு நிபந்தனைகள் இருந்தன: வருடத்தில் 210 நாள் விடுமுறைக்காரருக்குத் திறந்திருக்க வேண்டும், 105 நாளாவது உண்மையில் ஆள் தங்கியிருக்க வேண்டும், 31 நாளுக்கு மேற்பட்ட நீண்ட தங்கல்கள் எல்லாம் சேர்த்து 155 நாளைத் தாண்டக்கூடாது. இப்போது நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை எண்ணிப் பாருங்கள். 30, 31, 31, 28, 31. மொத்தம் 151 நாள். வாடகைச் சட்டம் எட்டு மாதம் அனுமதித்தாலும், வரிச் சட்டம் ஐந்து மாதத்தோடு கதவை மூடிவிட்டது. ஏப்ரலில் இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமா என்று குடியிருப்பவர் கேட்டால் உரிமையாளர் மறுத்ததற்கு, ஈஸ்டர் விருந்தாளி மட்டும் காரணம் அல்ல. அந்த ஒரு வாரம் அவருடைய முழு வருடத்து வரிச் சலுகையையும் கெடுத்திருக்கும்.

இனி உள்ளே இருக்கிறவர் பக்கம் வருவோம். ஒரு கஃபேயில் வேலை செய்யும் தாயும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் என்று வையுங்கள். ஒப்பந்தத்தில் வழமையாக என்ன இருக்கும்? தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, 3 ஆவது காரணம் பற்றிய அறிவித்தல், கட்டுப்பணம், வீட்டுப் பொருட்களின் பட்டியல். ஒரு அலுமாரியை உரிமையாளர் பூட்டிவைத்திருப்பார். மின்சாரம், எரிவாயு வாடகைக்குள் அடங்கும் என்று சொன்னாலும் ஒரு உச்சத் தொகை இருக்கும், அதைத் தாண்டினால் குடியிருப்பவர் கட்ட வேண்டும். இந்த வரிதான் பலருக்கு அடி போடும். ஏனென்றால் கோடைக்காகச் செய்த வீட்டில் குளிர் தடுப்பு மோசமாக இருக்கலாம். 800 பவுண் வாடகை என்று வந்தவர், ஜனவரியில் ஹீட்டர் செலவோடு பார்த்தால் வருடாந்த வாடகைக்காரர் கொடுக்கிற அளவுக்கு வந்திருப்பார்.

பிறகு மார்ச் 31 வரும். சுற்றுலா ஊரில் சீசன் வேலை தொடங்குவது எப்போது? ஈஸ்டரோடு, அதாவது மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில். கையில் நல்ல காசு வரப்போகும் நேரம் பார்த்து வீடு பறிபோகும். ஊருக்கு அவருடைய உழைப்பு ஆகக் கூடுதலாகத் தேவைப்படும் மாதங்களில் ஊரில் அவருக்கு இடம் இல்லை. நண்பர் வீட்டு சோபா, கரவன், பக்கத்து ஊர் என்று போய், ஒக்டோபரில் திரும்ப வருவார். பிள்ளையின் பள்ளித் தவணை மட்டும் இந்தக் கலண்டருக்கு ஒத்து வராது.

பொய் விடுமுறைகள்

இப்போது முதல் கதவுக்குத் திரும்ப வேண்டும். விடுமுறைக்குத் தங்குகிறவருக்குப் பாதுகாப்பே இல்லை என்று சட்டம் சொன்னது அல்லவா? அதில் எட்டு மாத எல்லை இல்லை, நியாய வாடகை இல்லை, ஒன்றுமே இல்லை. 1974 க்குப் பிறகு, கடலே தெரியாத லண்டன் தெருக்களிலும் திடீரென்று "விடுமுறை வீடுகள்" முளைத்தன. வேலைக்குப் போகிறவர்களிடமும் மாணவர்களிடமும் "நான் விடுமுறைக்காகவே இங்கே தங்குகிறேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள். வீடு கிடைக்காத ஊரில் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வது?

இது நீதிமன்றம் வந்தது. இங்கிலாந்துச் சட்டம் படிப்பவர்கள் எல்லாரும் படிக்கிற புக்மன் எதிர் மே என்ற வழக்கில், நியூசிலாந்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் லண்டனின் தெற்குப் புறத்தில் உள்ள ஒரு வீட்டுக்கு மூன்று மாத ஒப்பந்தம் போட்டிருந்தார். லண்டன் பகுதியில் தன் விடுமுறைக்காக மட்டும் என்று அதில் இருந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் உரிமையாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தாளில் ஒரு நோக்கம் எழுதியிருந்தால் அதுதான் நோக்கத்துக்குச் சான்று. அது போலி என்று காட்டவேண்டிய சுமை குடியிருப்பவருடையது. கையெழுத்து வாங்கியவர் நிரூபிக்கத் தேவையில்லை, போட்டவர்தான் நிரூபிக்க வேண்டும்.

சில வருடங்களுக்குப் பிறகு லண்டன் கம்டன் பகுதியில் வந்த இன்னொரு வழக்கு மற்றப் பக்கம் திரும்பியது. அங்கேயும் விடுமுறை என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் குடியிருந்தவர்கள் படிக்கிறவர்கள் என்பது உரிமையாளருக்கு முன்பே தெரியும் என்று சான்றுகள் காட்டின. இரண்டு பக்கமும் உண்மை தெரிந்துகொண்டே பொய்யான பெயரை எழுதினால் அந்தப் பெயருக்குப் பெறுமதி இல்லை என்று நீதிமன்றம் சொன்னது.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கும். தாளில் உள்ள சொல்லை உடைப்பது தாளுக்கு வெளியே உள்ள தடயங்கள்தான். குடிவர முன்னரே உரிமையாளருக்கு அனுப்பிய கடிதத்தில் "எனக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது" என்று இருக்கிறதா? வேலை இடத்தின் சான்றுக் கடிதம் கேட்டு வாங்கினாரா? விடுமுறைக்கு வருகிற ஒருவரிடம் சம்பளச் சிட்டை கேட்க வேண்டிய தேவை என்ன? இப்படியான கேள்விகள்தான் வழக்கைத் தீர்மானிக்கும். உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது என்பதைக் காட்டும் ஒரு சின்னக் காகிதம், ஒப்பந்தத்தின் பெரிய எழுத்துகளை விடப் பலமானது.

கதவு மூடப்படுகிறது

1988 சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் காரணம் சொல்லாமலே ஆளை வெளியேற்ற ஒரு வழி வந்தது. 21 ஆவது பிரிவு என்று அதை அழைத்தார்கள். அப்படியானால் ஓஃப் சீசன் கதவு தேவையில்லாமல் போயிருக்குமே என்று நினைக்கலாம். முழுதாகப் போகவில்லை. 21 ஆவது பிரிவின் கீழ் முதல் ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்தால் ஆளை வெளியேற்ற முடியாது. ஐந்து மாதக் குளிர்கால வாடகைக்கு அது பொருந்தாது. ஆகவே 3 ஆவது காரணம் கடற்கரை ஊர்களில் தொடர்ந்து உயிரோடு இருந்தது.

2025 இல் இரண்டு விசயமும் மாறின. விடுமுறை வீடுகளுக்கான தனி வரி முறை அந்த ஏப்ரலில் நீக்கப்பட்டது. ஒக்டோபரில் வாடகைக்காரர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. 2026 மே 1 இலிருந்து தனியார் வாடகையில் முடிவுத் திகதி போட்ட ஒப்பந்தங்களும், 21 ஆவது பிரிவும், அதோடு ஓஃப் சீசன் காரணமும் இல்லை என்பது அதன் ஏற்பாடு. 1974 இல் வைத்த இரண்டாவது கதவை ஐம்பது வருடம் கழித்து மூடுகிறார்கள்.

நல்லதுதானே என்று தோன்றும். மார்ச் 31 ஐப் பயந்துகொண்டு வாழ்ந்த அந்தத் தாய்க்கு இனி அந்தத் திகதி இல்லை. ஆனால் 1974 இல் உரிமையாளர்களுக்கு இருந்த பயம் இப்போதும் அப்படியே இருக்கிறது. போகமாட்டார் என்ற பயத்தில் குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவைத்தால் அவருக்கு ஐந்து மாத வீடும் இல்லாமல் போகும். அதை விடக் கவலையான விசயம், முதல் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. விடுமுறைக்குத் தங்குகிறவருக்குப் பாதுகாப்பு இல்லை என்பது மாறவில்லை. நவம்பரில் வேலைக்குப் போகிற ஒருவரிடம் "விடுமுறைக்காக" என்று கையெழுத்து வாங்குகிற பழைய பழக்கம் திரும்ப வர எல்லா வசதியும் இருக்கிறது. ஒரு கதவை மூடினால் கூட்டம் மற்றக் கதவுக்குப் போகும். 1970 களில் நடந்தது அதுதான்.

இந்த ஐம்பது வருடத்தைச் சுருக்கினால், வாடகை குறைவதும் உரிமை குறைவதும் ஒரே பேரத்தின் இரண்டு பக்கம். உரிமையாளர் வாடகையில் விட்டுக்கொடுத்தது ஒரு திகதியை வாங்குவதற்காக. குடியிருப்பவர் அந்தத் திகதியை விற்றார். பிரச்சினை பேரம் அல்ல. வேறு வீடு இல்லாத ஊரில் ஒருவர் விற்கத்தான் வேண்டியிருக்கிறது என்பதே பிரச்சினை. செயின்ற் ஐவ்ஸ் மக்கள் 2016 இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாக வசிப்பவர்களுக்கே என்று கட்டுப்படுத்தியது அந்த உணர்விலிருந்து வந்தது.

எங்கட பக்கத்துத் தாள்

இலங்கையில் ஓஃப் சீசன் வாடகைக்கு என்று இப்படி ஒரு தனிக் காரணம் எழுதிவைத்த வரலாறு இல்லை. ஆனால் பிரித்தானியர் விட்டுப்போன இன்னொரு சட்டம் இந்த விசயத்தில் நேரடியாகத் தலையிடுகிறது: 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதன் இரண்டாவது பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டையோ காணியையோ குத்தகைக்குக் கொடுப்பதென்றால், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒப்பந்தத்துக்குச் சட்ட வலு இல்லை.

இதை ஒரு உதாரணத்தில் வைத்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டை "நவம்பர் முதல் ஏப்ரல் வரை, மாதம் இவ்வளவு, மே மாதத்திலிருந்து சீசன் விலை" என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, மேலே முத்திரையும் ஒட்டியிருக்கிறார்கள். பார்க்கப் பலமான தாள். ஆனால் நொத்தாரிசு இல்லை என்றால், ஆறு மாதக் குத்தகை என்ற அளவில் அது நிற்காது. மாதாமாதம் வாடகை கொடுத்து வாங்கியிருந்தால், சட்டம் அவரை மாத வாடகைக்காரராகத்தான் பார்க்கும்.

இது இரண்டு பக்கமும் வெட்டும். ஏப்ரல் வரைக்கும் இருக்கலாம் என்று நம்பி முற்பணம் கொடுத்தவர், பெப்ரவரியில் ஒரு மாத அறிவித்தலோடு வெளியேறச் சொல்லப்படலாம். அதேபோல ஏப்ரல் 30 இல் தானாகவே முடிந்துவிடும் என்று நம்பிய உரிமையாளரும், தாளைக் காட்டி மட்டும் ஆளை எழுப்ப முடியாது. 1972 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பொருந்துகிற வீடாக இருந்தால் வாடகையை ஏற்றுவதும் ஆளை வெளியேற்றுவதும் இன்னும் வேறு கதை.

ஆகவே ஓஃப் சீசனில் மலிவாக ஒரு வீடு கிடைக்கிறது என்றால் விலையைக் கேட்ட பிறகு இன்னும் மூன்று கேள்வி மிச்சம் இருக்கிறது. முடிவுத் திகதி எங்கே எழுதியிருக்கிறது, அந்தத் தாளில் நொத்தாரிசின் கையெழுத்து இருக்கிறதா? கரண்ட், தண்ணி யார் கணக்கு, அதற்கு உச்சத் தொகை உண்டா? சீசன் தொடங்கி நான் இருக்க விரும்பினால் புதிய வாடகை எவ்வளவு, அதை இப்போதே எழுதலாமா? மூன்றாவது கேள்விக்கு உரிமையாளர் சிரித்துவிட்டு "அதை அப்ப பாப்பம்" எண்டு சொன்னால், மாத வாடகை ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கான பதில் அங்கேயே கிடைத்துவிடும்.